முப்பது சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் செய்கிறேன். 2021 செப்டம்பர் 6-இல் சேர்ந்தேன். இப்போது சி.டி.சி., அதாவது நிறுவனம் எனக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தம், 9 லட்சம். அப்ரைசலில் வருஷத்துக்கு 8 சதவீதம்தான் ஏறுகிறது. செயல்பாட்டைப் பொறுத்து வரும் வேரியபிளில் 80 சதவீதம் அளவுக்குத் தருகிறார்கள். இதே வேலைக்கு வேறொரு கம்பெனியில் மூன்று சுற்றும் முடித்துவிட்டேன். அங்கே எச்.ஆர்., "எங்கள் பாலிசிப்படி 30 சதவீதம்தான் ஹைக், 11.70 லட்சம், 30 நாளில் சேர வேண்டும்" என்கிறார். எனக்கு நோட்டீஸ் 90 நாள். ஜூலை 13-க்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். என் சம்பளச் சீட்டையும் அவர்கள் அனுப்பிய பிரிப்புத் தாளையும் இணைத்திருக்கிறேன். இதற்கு மேல் கேட்டால் ஆஃபர் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: கேட்பதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். கேட்க வேண்டிய தொகையும், அதற்கான காரணமும் அவற்றிலேயே இருக்கின்றன.

இப்போதைய 9,00,000 ரூபாயில் வேரியபிள் 90,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். 43,200. கிராஜுவிட்டி என்று காட்டியிருப்பது 17,300. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 9,500. இந்த நான்கும் சேர்ந்து 1,60,000. மீதி 7,40,000 ரூபாய்தான் பேசிக், வீட்டு வாடகைப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ் என்று மாதாமாதம் வருகிறது. அதாவது பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளமான மாத கிராஸ் 61,667. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 3,600-ம், தொழில்வரிக்குச் சுமார் 208-ம் போக, கைக்கு வருவது 57,850 ரூபாய்ச் சொச்சம்.

புதிய தாளில் 11,70,000 இருக்கிறது. அதில் வேரியபிள் 15 சதவீதம், அதாவது 1,75,500. ஜாயினிங் போனஸ் 75,000, அதையும் சி.டி.சி.க்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். பேசிக் மாதம் 40,000 என்பதால் நிறுவனத்தின் பி.எஃப். 57,600, கிராஜுவிட்டி 23,100. காப்பீடும் கேப் வசதியும் சேர்த்து 18,800. இவை எல்லாம் 3,50,000. மீதி 8,20,000. மாத கிராஸ் 68,333. பிடித்தம் போகக் கைக்குச் சுமார் 63,325.

சி.டி.சி. 30 சதவீதம் ஏறியிருக்கிறது. மாதச் சம்பளம் ஏறியிருப்பது 11 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கைக்கு மாதம் ஐந்தரையாயிரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி போக வேண்டும். நீங்கள் மாறாமல் இங்கேயே இருந்தால் அடுத்த அப்ரைசலில் 7,40,000 என்பது 8 சதவீதம் ஏறி 7,99,200 ஆகும். வேரியபிளில் 80 சதவீதம் என்றால் 72,000. மொத்தம் 8,71,200. அங்கே போனால்? நிதியாண்டின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஏப்ரலில் சம்பள உயர்வு கிடையாது என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. அப்படி இருந்தால், ஜாயினிங் போனஸ் தீர்ந்த பிறகு வரும் வருஷத்தில் உங்களுக்குக் கிடைப்பது அதே 8,20,000-ம் வேரியபிளும்தான். அந்த வேரியபிளில் 70 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 1,22,850. மொத்தம் 9,42,850. இரண்டுக்கும் வித்தியாசம் 71,650 ரூபாய், 8 சதவீதம். ஒரு அப்ரைசலில் ஏறுகிற அளவு. அதற்காகப் பழகிய இடத்தை விட்டு, புது மேனேஜர், புது ப்ராஜெக்ட், ப்ரொபேஷன் என்று எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

ஆகவே சி.டி.சி.யையோ சதவீதத்தையோ வைத்துப் பேசாதீர்கள். "மாத கிராஸ் எவ்வளவு" என்பதை வைத்துப் பேசுங்கள். "ஃபிக்ஸட்" என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். சில இடங்களில் நிறுவனத்தின் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் ஃபிக்ஸடுக்குள் வரும், சில இடங்களில் வராது. ஒரே சொல்லை நீங்கள் ஒரு பொருளிலும் அவர் வேறு பொருளிலும் சொல்லி, இருவருமே ஒப்புக்கொண்டதாக நினைத்துப் போனை வைப்பது அடிக்கடி நடக்கிறது. மாத கிராஸ் என்று சொன்னால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அந்த 30 எங்கிருந்து வருகிறது

எச்.ஆர். சொன்னது பொய்யாக இருக்காது. பழைய சி.டி.சி.க்கு மேல் இவ்வளவு சதவீதம் வரை தானே முடிவு செய்யலாம் என்று ஆளெடுப்பவருக்கு ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் அந்தப் பிரிவின் தலைவரிடமோ நிதித்துறையிடமோ தனி அனுமதி வாங்க வேண்டும். அது அவருக்குக் கூடுதல் வேலை. காரணம் எழுத வேண்டும், நாலு மெயில் அனுப்ப வேண்டும். "பாலிசி" என்று அவர் சொல்வதன் பொருள் பெரும்பாலும், அந்த வேலையைச் செய்ய இன்னும் அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை என்பதுதான். காரணத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அப்படியே மெயிலில் ஒட்டி மேலே அனுப்பும் வடிவில்.

உண்மையிலேயே தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. அது கிரேடு. ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு சம்பள பேண்ட், அதாவது கீழ் வரம்பும் மேல் வரம்பும் இருக்கும். ஐந்து வருஷ அனுபவம் பெரும்பாலும் இரண்டு கிரேடுகளின் எல்லையில் வந்து நிற்கும்: கீழே சீனியர் இன்ஜினியர், மேலே லீட். பழைய சம்பளம் குறைவாக இருப்பவரைக் கீழ்க் கிரேடில் போட்டு, அதன் நடுவில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் 30 சதவீதம் பொருந்திவிடும். மூன்று சுற்று நேர்காணலிலும் உங்களிடம் லீட் வேலைக்கான கேள்விகளைக் கேட்டார்களா என்று நினைத்துப் பாருங்கள். ஃப்ரேம்வொர்க்கை எப்படிப் புதிதாக அமைப்பீர்கள், இரண்டு பேருக்கு வேலையை எப்படிப் பிரிப்பீர்கள், ரிலீஸுக்கு முன் எதை ஓட்டுவது எதை விடுவது என்று யார் முடிவு செய்வது என்றெல்லாம் கேட்டிருந்தால், அவர்கள் தேடுவது லீட். கிரேடு சீனியர் இன்ஜினியர் என்றால், சம்பளத்துக்கு முன்னால் பேச வேண்டியது அதைத்தான். கீழ்க் கிரேடின் மேல் வரம்பை ஒட்டிப் போய் உட்கார்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: பேண்டின் உச்சியில் இருப்பவருக்கு அடுத்தடுத்த அப்ரைசலில் ஏற இடமிருக்காது.

எனவே முதல் கேள்வி இது: "இந்தப் பதவி உங்களிடம் எந்த கிரேடு? அந்த கிரேடின் பேண்டில் இந்த ஆஃபர் எங்கே நிற்கிறது?" பேண்டின் எண்களைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் "நடுவில்", "மேல் பக்கம்" என்று சொல்வார்கள், அதுவே போதும். நடுவில் என்றால் இடம் இருக்கிறது. மேல் வரம்பை ஒட்டி என்றால் தொகையைப் பேசிப் பயனில்லை, கிரேடைப் பேச வேண்டும்.

மூன்று தொகைகள்

போனை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று மாத கிராஸ் தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள். கீழே போனால் போகமாட்டேன் என்பது ஒன்று. கிடைத்தால் திருப்தி என்பது ஒன்று. வாயால் கேட்பது ஒன்று.

சந்தை விலை தெரியாமல் இவற்றை எழுத முடியாது. இணையதளங்களில் போடும் சராசரிகள் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. மேனுவல் டெஸ்டிங் செய்பவரும் ஆட்டோமேஷன் செய்பவரும், மூன்று வருஷக்காரரும் எட்டு வருஷக்காரரும் அங்கே ஒன்றாகக் கலந்திருப்பார்கள், வேரியபிள் சேர்த்தா சேர்க்காமலா என்பதும் தெரியாது. கடந்த ஆறு மாதத்துக்குள் இதே வேலைக்கு மாறிய மூன்று நான்கு பேரிடம் கேளுங்கள். "எவ்வளவு வாங்குகிறாய்" என்று கேட்டால் மழுப்புவார்கள், "ஐந்து வருஷ ஆட்டோமேஷன் ஆளுக்கு உங்கள் இடத்தில் மாத கிராஸ் எவ்வளவு தருவார்கள்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு அழைப்பு வரும் கன்சல்டன்சிக்காரரிடம், "பட்ஜெட் எவ்வளவு" என்று முதல் நிமிஷத்திலேயே கேட்பதும் பலன் தரும், அவருக்கு அந்தத் தகவலை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐ.டி. சேவை நிறுவனங்களையும், வெளிநாட்டு நிறுவனங்கள் சென்னையில் நடத்தும் சொந்த மையங்களையும், பிராடக்ட் கம்பெனிகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரே வேலைக்கு மூன்றிலும் மூன்று விலை.

இப்படி விசாரித்ததில் மாத கிராஸ் 75,000 முதல் 90,000 வரை என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம். கீழ்த் தொகை 75,000. இது கையிலிருந்து எடுத்த எண் அல்ல: வருஷத்துக்கு 9,00,000-ம், மேலே சொன்ன வேரியபிளும் சேர்த்தால் 10,22,850, இங்கேயே இருந்தால் கிடைக்கும் 8,71,200-ஐவிட 17 சதவீதம் கூடுதல். அதற்குக் கீழே என்றால் மாறுவதற்கான அலைச்சலுக்குக் கட்டுப்படியாகாது. திருப்தியான தொகை 80,000. கேட்கும் தொகை 87,500. கேட்கும் தொகை நீங்கள் விசாரித்த வரம்புக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எச்.ஆர். குறைத்துப் பேச மாட்டார், "பட்ஜெட்டுக்கு வெளியே" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 11,70,000 அப்படியே இருக்கட்டும். ஜாயினிங் போனஸ் 75,000-ஐ மட்டும் மாதச் சம்பளத்துக்கு மாற்றினால், பேசிக் மாறாத பட்சத்தில் கிராஸ் 8,95,000 ஆகிறது. மாதம் 74,583. உங்கள் கீழ்த் தொகையைக் கிட்டத்தட்ட தொட்டுவிட்டது, எச்.ஆரின் 30 சதவீதமும் மீறப்படவில்லை. உங்கள் கடைசிப் படி இது, முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கும் இதில் ஒரு தயக்கம் இருக்கும்: ஜாயினிங் போனஸ் ஒரு தடவைச் செலவு, மாதச் சம்பளம் வருஷாவருஷம் தொடரும் செலவு. அதனால்தான் போனஸில் தாராளமும் சம்பளத்தில் கையிறுக்கமும் காட்டுகிறார்கள். வேரியபிளின் சதவீதம் பெரும்பாலும் கிரேடோடு கட்டப்பட்டது. அதைக் குறைக்கச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். "இந்த கிரேடுக்குப் போன இரண்டு வருஷமும் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்" என்று மட்டும் கேட்டு, பதிலைக் கணக்கில் போடுங்கள்.

வருமான வரி பற்றிய கவலை இந்த அளவில் வேண்டாம். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12,75,000 ரூபாய் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரி இல்லை. 87,500 கிடைத்தாலும் வேரியபிளோடு சேர்த்து அதற்குள்ளேயே அடங்கும். ஜாயினிங் போனஸும் சேர்ந்து தாண்டினால் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

பேசும்போது

முதலில் பொய் சொல்லாதீர்கள். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, சில இடங்களில் வங்கிக் கணக்கு அறிக்கை என்று கேட்பார்கள். சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அப்போது வித்தியாசம் தெரிந்தால் ஆஃபரை ரத்து செய்யலாம், சேர்ந்த பிறகு என்றால் வேலையை விட்டே அனுப்பலாம். பழைய ரிலீவிங் லெட்டரையும் வாங்கிக்கொண்டு வந்த பிறகு அப்படி நடந்தால் இரண்டு பக்கமும் இடமில்லை. கையில் இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்வதும் அப்படித்தான். "அதை அனுப்புங்கள், வைத்து அனுமதி வாங்குகிறேன்" என்பார் எச்.ஆர்.

உண்மையைச் சொல்லுங்கள், முழுசாகச் சொல்லுங்கள். "இப்போது மாத கிராஸ் 61,667. அடுத்த அப்ரைசலில் 66,600 ஆகும். உங்கள் தாளில் 68,333. அதாவது மாறுவதால் எனக்குக் கூடுவது மாதம் 1,733 ரூபாய்." இந்த ஒரு வாக்கியம் 30 சதவீதம் என்ற பேச்சை நிறுத்திவிடும். எச்.ஆருக்கும் அந்தக் கணக்கு தெரியும். நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அடுத்து உங்கள் பக்கக் காரணம். "ஐந்து வருஷ அனுபவம்" என்பது காரணமாகாது. ஒரே ஸ்கிரிப்டை ஐந்து வருஷம் ஓட்டியவருக்கும் அதே ஐந்து வருஷம்தான். நீங்கள் வந்தால் அந்த டீமில் என்ன மாறும் என்பதே காரணம். ரெக்ரஷன் சூட் ஓட 14 மணி நேரம் எடுத்ததை இணையாக ஓடவிட்டு 3 மணி நேரமாக்கியது, காரணமில்லாமல் தோற்கும் டெஸ்டுகளைக் கண்டுபிடித்து ஒதுக்கியது, ஏ.பி.ஐ. டெஸ்டுகளை பில்டோடு இணைத்தது என்று நீங்கள் உண்மையில் செய்ததில் எண் சொல்லக்கூடிய இரண்டு போதும். அந்த இரண்டில் ஒன்று, நேர்காணலில் அவர்கள் தங்கள் தொல்லை என்று சொன்ன விஷயத்தோடு தொடர்புடையதாக இருக்கட்டும். அனுமதிக்கு எழுதும் மெயிலில் எச்.ஆர். இதைத்தான் ஒட்டுவார். முடிந்தால் உங்களை நேர்காணல் செய்த டெஸ்ட் மேனேஜருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: வேலை பிடித்திருக்கிறது, சம்பளத்தில் ஒரு விஷயம் எச்.ஆரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று. தொகையை அவரிடம் பேச வேண்டாம். ஆள் கிடைக்காமல் ரிலீஸ் தள்ளிப்போனால் அடி வாங்குவது அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அனுமதி வேகமாக நகரும்.

பிறகு தொகை. "இந்தப் பொறுப்புக்கு மாத கிராஸ் 87,500 எதிர்பார்க்கிறேன்" என்று ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிடுங்கள். "ஆனால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை" என்று சேர்க்க வாய் துடிக்கும். சேர்த்தால் அந்த 'பின்னே' மட்டும்தான் அவர் காதில் விழும். "80,000 முதல் 87,500 வரை" என்று வரம்பாகவும் சொல்லாதீர்கள். கீழ் எண்தான் உங்கள் விலை ஆகிவிடும்.

அவர் "கேட்டுச் சொல்கிறேன்" என்றால் நல்ல அறிகுறி. மேலே அனுப்பப் போகிறார். அன்றே ஒரு மெயில் போடுங்கள்: எந்தப் பதவி, எந்த கிரேடு பற்றிப் பேசினோம், இரண்டு காரணங்கள், மாத கிராஸ் தொகை, சேரக்கூடிய தேதி. ஐந்தாறு வரி போதும். இரண்டு வேலை நாள் பொறுத்துப் பாருங்கள். 80,000-க்குத் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டாயிரம் என்று மூன்றாவது முறை கேட்பது வேண்டாம். 72,000 என்று வந்தால் அப்போது ஜாயினிங் போனஸை மாதச் சம்பளத்துக்கு மாற்றும் படியை எடுங்கள். 68,333-லேயே நின்றால், "இந்த அமைப்பில் எனக்குச் சரிவராது" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

ஆஃபரையே எடுத்துவிடுவார்களா? மூன்று சுற்று நடத்தி ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, மரியாதையாகவும் கணக்கோடும் ஒருமுறை கேட்டதற்காகத் திரும்பப் பெறுவது அரிது. தொகைக்கு "சரி" என்று ஒப்புக்கொண்டு, கடிதம் வந்த பிறகு மறுபடி கேட்டால் எடுத்துவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. ஆகவே பேசுவதெல்லாம் ஒப்புதலுக்கு முன்னால் நடக்கட்டும்.

நோட்டீஸும் கிராஜுவிட்டியும்

30 நாளில் சேர வேண்டும் என்று அவர்கள் கேட்பது உங்கள் கையில் இருக்கும் சரக்கு. அதைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள், அவசரப்பட்டும் கொடுக்காதீர்கள். காரணம், செப்டம்பர் 6-இல் உங்களுக்கு ஐந்து வருஷம் முடிகிறது.

ஐந்து வருஷத் தொடர் பணி முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. கடைசி மாத பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருஷ எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உங்கள் பேசிக் 30,000 என்பதால் ஐந்து வருஷத்துக்கு 86,538 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியும் ஊதியத்தோடு சேரும் என்பதால், பேசிக்கைக் குறைவாக வைத்திருக்கும் இடங்களில் தொகை இதைவிடக் கூடவும் செய்யலாம். வருஷா வருஷம் உங்கள் சி.டி.சி.யில் எழுதிக் காட்டிய அந்த 17,300 இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கிளம்பினால் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

ஜூலை 13-இல் ராஜினாமா கொடுத்து 30 நாளில் கிளம்பினால் கடைசி நாள் ஆகஸ்ட் 11. ஐந்து வருஷத்துக்கு நாலு வாரம் குறைகிறது. ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு; அதை ஏற்றுத் தொகை கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, முழு ஐந்து வருஷம் வேண்டும் என்று மறுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. மறுத்தால் அதிகாரியிடம் மனுப் போட்டு அலைய வேண்டும். நாலு வாரத்துக்காக அந்த வம்பு எதற்கு? நோட்டீஸில் நீங்கள் உண்மையில் வேலை செய்யும் நாட்கள் பணிக்காலத்தில் சேரும். பணம் கட்டி விலக்கிய நாட்கள் சேராது. கடைசி வேலை நாள் எதுவோ அதுதான் கணக்கு.

முழு 90 நாள் என்றால் அக்டோபர் 10 வரை இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தேதி இருக்கிறது: செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை கடைசி நாள், 14 திங்கட்கிழமை அங்கே சேர்வது. ஐந்து வருஷம் முடிந்துவிடும், அவர்களுக்கும் நாலு வாரம் முன்னதாக ஆள் கிடைக்கும். மீதி 29 நாளுக்கு நீங்கள் இங்கே பணம் கட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பது நியமனக் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. பேசிக் என்றிருந்தால் 29,000 ரூபாய். கிராஸ் என்றிருந்தால் 59,600. இன்றே அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். முன்னதாக விடுவிக்க மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற வரியும் பல கடிதங்களில் உண்டு. பணம் கட்டினாலும் அவர் விட மறுக்கலாம். அதனால் புதிய இடத்தில் "செப்டம்பர் 14-இல் சேர முயல்கிறேன், தாமதமானால் அக்டோபர் 12" என்று இரண்டு தேதிகளையும் சொல்லிவையுங்கள்.

இதை எச்.ஆரிடம் சம்பளத்தோடு சேர்த்தே பேசுங்கள்: "மாத கிராஸும் நோட்டீஸ் பை-அவுட்டும் ஒத்துவந்தால் செப்டம்பர் 14-இல் சேர்கிறேன்." பை-அவுட் என்பது நீங்கள் இங்கே கட்டும் நோட்டீஸ் தொகையைப் புதிய நிறுவனமே கொடுத்துவிடுவது. அதை நிறுவனங்கள் ஒரு தடவைச் செலவாகத் தனிக் கணக்கில் பார்க்கும், சம்பள பேண்டோடு அது மோதாது. 30 நாள்தான் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றால், இழக்கும் 86,538-ஐ ஜாயினிங் போனஸாகக் கேட்க நியாயம் உண்டு. மாதச் சம்பளத்துக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேலே.

கடிதம் வந்த பிறகு

"லெட்டர் ஆஃப் இன்டென்ட்" என்று ஒன்று முதலில் வரும். அதில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும், பிரிப்பு இருக்காது. அதை நம்பி ராஜினாமா கொடுக்க வேண்டாம். பிரிப்புத் தாளோடு ஆஃபர் லெட்டர் வர வேண்டும். அதில் மாத கிராஸ், கிரேடு, சேரும் தேதி, பை-அவுட் தொகை நான்கும் பேசியபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வோம் என்று போனில் சொன்னது கடிதத்தில் இல்லையென்றால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாயினிங் போனஸும் பை-அவுட்டும் இருந்தால், ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கும். முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு ஏற்பவா என்று பாருங்கள். மாதக் கணக்கில் குறையும்படி மாற்றச் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். நிறுவனமே உங்களை அனுப்பினால் திருப்பித் தரத் தேவையில்லை என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஏப்ரல் உயர்வுக்குத் தகுதி உண்டா என்பதையும் இந்தச் சமயத்தில் மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால், கையெழுத்துக்கு முன் கிராஸில் ஆயிரம் இரண்டாயிரம் கேட்க அதுதான் கடைசி வாய்ப்பு. முன்பு 80,000-க்கு ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் கேட்காதீர்கள்.

ராஜினாமா கொடுத்ததும் இங்கே உங்கள் மேனேஜர் கூப்பிட்டு, "எவ்வளவு தருகிறார்கள், நாங்களும் தருகிறோம்" என்பார். அந்தப் பேச்சில் உட்காரலாம், தப்பில்லை. கேட்க வேண்டியது இரண்டுதான்: உயர்வு மாத கிராஸிலா, அல்லது ஒரு வருஷம் இருந்தால் தரும் ரிடென்ஷன் போனஸா? எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கடிதத்தில்? வாய்மொழியாகச் சொல்லி, அடுத்த அப்ரைசலில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உங்கள் ராஜினாமா மெயிலைத் திரும்பப் பெறாதீர்கள்.